நிலைத்த முனையிலும் சுயாதீன முனையிலும் துடிப்பு தெறித்தல்: ஒரு கணப்படத்திலிருந்து தெறித்த வடிவத்தை வரையும் முறை

திருகோணமலையில் உயர்தர பௌதிகவியல் மாணவர்களுடன் அலைகள் பகுதிக்கு வரும்போது, ஒவ்வோர் ஆண்டும் நான் முதலில் கரும்பலகையில் வரைவது ஒரே படத்தைத்தான். இறுக்கமாக இழுத்துக் கட்டிய கயிற்றின் மீது ஒரு முக்கோணத் துடிப்பு வலப்பக்கம் நோக்கிச் செல்கிறது. அதன் முன்பக்கம் செங்குத்தாக எழுகிறது, பின்பக்கம் நீண்டு சரிகிறது. வலது முனை சுவரில் கட்டப்பட்டிருக்கிறது. தெறித்து வரும் துடிப்பை வரையச் சொன்னால், வகுப்பில் பெரும்பாலானோர் அந்த முக்கோணத்தை அப்படியே தலைகீழாக்கிவிட்டு நிறுத்திவிடுகின்றனர். செங்குத்தான பக்கம் வலப்புறத்திலேயே இருந்துவிடுகிறது. அந்த விடை பிழையானது. சமச்சீரான துடிப்புகளை மட்டுமே வரைந்து பழகியவர்களுக்கு அந்தப் பிழை கண்ணில் படாமலே போய்விடுவதால்தான், இந்த வழிகாட்டி முழுவதும் சமச்சீரற்ற ஒரேயொரு துடிப்பை எடுத்துக்கொண்டு, அது முனையை அடைவதற்கு முன்னும், பாதி தெறித்துக்கொண்டிருக்கும் கணத்திலும், முழுமையாகத் திரும்பிய பின்னும் எப்படி வரைவது என்று சொல்கிறேன்.

முனையில் என்ன நடக்கிறது

நிலைத்த முனை என்றால், கயிற்றின் கடைசிப் புள்ளி மேலோ கீழோ நகர முடியாது. அதன் இடப்பெயர்ச்சி எந்தக் கணத்திலும் பூச்சியமே. மேல்நோக்கிய துடிப்பு வந்து சேரும்போது கயிறு அந்தக் கட்டை மேல்நோக்கி இழுக்கிறது. கட்டு நகராததால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அது கயிற்றைச் சம அளவு விசையுடன் கீழ்நோக்கி இழுக்கிறது. அந்தக் கீழ்நோக்கிய இழுப்பே தலைகீழான துடிப்பாகக் கயிற்றில் திரும்பி ஓடுகிறது.

சுயாதீன முனை என்பதைப் பலர் 'கட்டப்படாமல் தொங்கும் முனை' என்று விளங்கிக்கொள்கின்றனர். கிடையான கயிற்றுக்கு அது பொருந்தாது. முனையை வெறுமனே விட்டுவிட்டால் கயிற்றில் இழுவை இராது. இழுவை இல்லாவிட்டால் துடிப்பே ஓடாது. ஆகவே கயிற்றின் முனையைத் திணிவு புறக்கணிக்கத்தக்க ஒரு வளையத்தில் கட்டி, அந்த வளையம் உராய்வற்ற நிலைக்குத்துக் கோலில் மேலும் கீழும் வழுக்கிச் செல்ல விடுகிறோம். கோல் கயிற்றைக் கிடையாக மட்டுமே பிடித்திருக்கிறது. நிலைக்குத்தாக எந்த விசையையும் கொடுப்பதில்லை. திணிவற்ற வளையத்தின் மீது நிலைக்குத்து விசை இருக்கவும் முடியாது என்பதால், முனையில் கயிறு எப்போதும் கிடையாகவே இருக்க வேண்டும், அதாவது அங்கே வளையியின் படித்திறன் பூச்சியம். கீழே இழுத்துப் பிடிக்க யாருமில்லாத அந்த முனை, துடிப்பின் உயரத்தைத் தாண்டி மேலே போய், பின் இறங்கி வருகிறது. அந்த ஏற்றமே நிமிர்ந்த துடிப்பைத் திருப்பி அனுப்புகிறது.

இனி வரையப்போகும் எல்லாப் படங்களும் இந்த இரண்டு நிபந்தனைகளில் தங்கியுள்ளன: நிலைத்த முனையில் இடப்பெயர்ச்சி பூச்சியம், சுயாதீன முனையில் படித்திறன் பூச்சியம். முதலாவது நிபந்தனை எல்லோருக்கும் நினைவிருக்கும். இரண்டாவதை மறந்துவிடுவதால்தான் சுயாதீன முனைப் படங்கள் கெடுகின்றன.

விம்பத் துடிப்பு

கயிறு முனையோடு முடிந்துவிடாமல் சுவருக்கு அப்பாலும் நீள்கிறது என்று கற்பனை செய்துகொள்வோம். அந்தக் கற்பனைப் பகுதியில், நம்முடைய துடிப்பு முனைக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதே தூரத்தில், எதிர்ப்பக்கம் ஒரு விம்பத் துடிப்பு இருக்கிறது. அது முனையை நோக்கி அதே கதியில் இடப்பக்கம் வருகிறது. உண்மைத் துடிப்பு சுவரைத் தாண்டிக் கற்பனைப் பகுதிக்குள் போகிறது. விம்பத் துடிப்பு கற்பனைப் பகுதியிலிருந்து உண்மைக் கயிற்றுக்குள் வருகிறது. உண்மைக் கயிற்றில் எந்தக் கணத்திலும் தெரியும் வடிவம், அங்கே இருக்கும் இரண்டின் மேற்பொருந்துகை மட்டுமே.

விம்பத்தின் வடிவத்தை நாம் விரும்பியபடி தெரிவுசெய்ய முடியாது. முனையின் நிபந்தனைதான் அதைத் தீர்மானிக்கிறது. முனையில் இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் பூச்சியமாக வேண்டுமானால், உண்மைத் துடிப்பின் எந்தப் பகுதி எந்தக் கணத்தில் முனையை அடைகிறதோ, அதே கணத்தில் விம்பத்தின் அதே பகுதி எதிர்க்குறியுடன் அங்கே வந்து சேர வேண்டும். ஆகவே விம்பம் இடம் வலம் மாறியும் தலைகீழாகவும் இருக்கும். சுயாதீன முனையில் இரு பக்கத்துப் படித்திறன்களும் ஒன்றையொன்று அழிக்க வேண்டுமென்பதால், விம்பம் தளவாடியில் தெரிவதுபோல இடம் வலம் மட்டும் மாறி, நிமிர்ந்தே இருக்கும்.

முனையை x = 0 என்றும் கயிறு x < 0 பக்கத்தில் இருப்பதாகவும் கொண்டால், இதை இப்படி எழுதலாம்:

```
y(x,t) = f(x - vt) - f(-x - vt)     (நிலைத்த முனை)
y(x,t) = f(x - vt) + f(-x - vt)     (சுயாதீன முனை)
```

முதலாவதில் x = 0 இட்டுப் பாருங்கள்; இரண்டு உறுப்புகளும் எப்போதும் அழிந்துபோகின்றன. இரண்டாவதை x குறித்து வகையிட்ட பின் x = 0 இட்டால், படித்திறன் அழிந்துபோகிறது. சமன்பாட்டை மனனம் செய்ய வேண்டிய தேவையில்லை. இரண்டிலும் x இன் குறி மாறியிருப்பதைக் கவனித்தால் போதும்: இடம் வலம் மாறுவது இரு வகை முனைகளுக்கும் பொதுவானது, தலைகீழாவது மட்டுமே நிலைத்த முனைக்கு உரியது.

கையால் செய்ய இதைவிட இலகுவான வழி ஒன்று உண்டு. கீழுள்ள கோடு தெரியும்படியான மெல்லிய தாளைக் கணப்படத்தின் மேல் வைத்து, துடிப்பையும் முனைப் புள்ளியையும் படியெடுங்கள். சுயாதீன முனைக்கு, முனை வழியாகச் செல்லும் நிலைக்குத்துக் கோட்டைப் பற்றிப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவதுபோலத் தாளைப் புரட்டுங்கள். நிலைத்த முனைக்குத் தாளைப் புரட்ட வேண்டாம்; முனைப் புள்ளியில் பென்சில் முனையை ஊன்றி, தாளை மேசையிலேயே அரைச் சுற்று சுழற்றுங்கள். அந்த ஒரே சுழற்சி தலைகீழாக்குவதையும் இடம் வலம் மாற்றுவதையும் சேர்த்தே செய்துவிடுகிறது.

ஒரு துடிப்பு, எண்களோடு

வரைபுத்தாளில் ஒரு கட்டம் ஓர் அலகு என்று கொள்வோம். துடிப்பு செக்கனுக்கு ஒரு கட்டம் நகர்கிறது. முனையிலிருந்து இடப்பக்கமாக அளக்கும் தூரத்தை d என்போம். t = 0 இல் எடுத்த கணப்படத்தில் துடிப்பின் முன்விளிம்பு d = 2 இலும், 3 கட்ட உயரமுள்ள உச்சி d = 3 இலும், பின்விளிம்பு d = 6 இலும் உள்ளன. ஆகவே முன்பக்கம் ஒரே கட்டத்தில் 3 உயர்கிறது. பின்பக்கம் மூன்று கட்டங்களில் மெல்ல இறங்குகிறது. கேள்வி t = 4 இல் கயிற்றின் வடிவத்தைக் கேட்கிறது.

முதலில் முனையை மறந்துவிட்டு, துடிப்பை 4 கட்டங்கள் வலப்பக்கம் நகர்த்துங்கள். முன்விளிம்பு சுவருக்கு அப்பால் 2 கட்டம் போய்விடும், உச்சி அப்பால் 1 கட்டம் போய்விடும். உண்மைக் கயிற்றில் மிஞ்சுவது பின்பக்கச் சரிவின் ஒரு துண்டு மட்டுமே: முனையில் உயரம் 2, d = 1 இல் 1, d = 2 இல் 0. இதை மெல்லிய முறிகோட்டில் வரையுங்கள். சுவருக்கு அப்பால் போன பகுதியையும் அதே முறிகோட்டில் வரைந்துவிடுங்கள். அதை வரையாமல் மனதிலேயே வைத்துக்கொள்பவர்கள்தான் அடுத்த படியில் தடுமாறுகின்றனர்.

அடுத்து, அப்பால் போன அந்தப் பகுதியை முனையைப் பற்றித் திருப்பி உண்மைக் கயிற்றின் மீது கொண்டுவாருங்கள். அப்பால் 1 கட்டத்தில் இருந்த உச்சி இப்போது d = 1 இல் வரும்; அப்பால் 2 கட்டத்தில் இருந்த முன்விளிம்பு d = 2 இல் வரும்; முனையில் இருந்த 2 முனையிலேயே நிற்கும். சுயாதீன முனைக்கு இந்த உயரங்கள் 2, 3, 0. நிலைத்த முனைக்கு −2, −3, 0.

மூன்றாவதாகப் புள்ளி புள்ளியாகக் கூட்டுங்கள்.

| d | படுதுடிப்பு | விம்பம் (நிலைத்த) | மொத்தம் (நிலைத்த) | விம்பம் (சுயாதீன) | மொத்தம் (சுயாதீன) |
|---|---|---|---|---|---|
| 0 | 2 | −2 | 0 | 2 | 4 |
| 1 | 1 | −3 | −2 | 3 | 4 |
| 2 | 0 | 0 | 0 | 0 | 0 |

இரண்டும் நேர்கோட்டுத் துண்டுகளால் ஆனவை என்பதால், கூட்டுத்தொகையும் நேர்கோட்டுத் துண்டுகளாலேயே அமையும். எந்த இடங்களில் ஏதாவதொன்றின் சாய்வு மாறுகிறதோ, அந்த இடங்களில் மட்டும் உயரத்தைக் கணித்து, அவற்றை நேர்கோடுகளால் இணைத்தால் போதும். நிலைத்த முனையில் கிடைப்பது, d = 1 இல் 2 கட்ட ஆழமுள்ள கீழ்நோக்கிய முக்கோணம். சுயாதீன முனையில் கிடைப்பது, முனையிலிருந்து d = 1 வரை 4 கட்ட உயரத்தில் கிடையாகச் சென்று, பின் d = 2 இல் தரையைத் தொடும் மேடை. அந்த மேடையைப் பார்த்தவுடன் பல மாணவர்கள் கணக்கில் பிழை விட்டுவிட்டதாக நினைத்து அழித்துவிடுகின்றனர். அழிக்க வேண்டாம். முனையில் படித்திறன் பூச்சியமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே கண்முன் தெரிவதுதான் அந்த மேடை. அது இல்லாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

t = 3 இல் உச்சி சரியாக முனையில் இருக்கிறது. நிலைத்த முனைக்கு அப்போதும் கயிறு மேல்நோக்கியே இருக்கும்; முனையில் பூச்சியம், d = 1 இல் 2, அங்கிருந்து d = 3 வரை சரிவு. சுயாதீன முனையோ 6 கட்ட உயரத்துக்கு எழுந்திருக்கும், அதாவது துடிப்பின் உயரத்தைப் போல இரு மடங்கு. அந்தக் கணத்தில் முனையில் கூர்மையான உச்சி இருப்பதால் படித்திறன் நிபந்தனை மீறப்பட்டதுபோலத் தோன்றலாம். கூர்மையான முக்கோணம் வரைவதற்கு வசதியான ஒரு கற்பனை வடிவம்; உண்மைக் கயிற்றில் உச்சி சற்று வட்டமாகவே இருக்கும், அந்த வட்டத்தின் மேற்பகுதி முனையில் கிடையாக இருக்கும்.

ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, "ரீச்சர், நிலைத்த முனையில மூன்றாம் செக்கன் மேலயும் நாலாம் செக்கன் கீழயும் எண்டால், இடையில கயிறு நேராக வரத்தானே வேணும்?" என்று கேட்டாள். மிக நல்ல கேள்வி. சமச்சீரான துடிப்பாக இருந்தால் அவள் சொன்னது சரி. பாதி தெறித்த கணத்தில் கயிறு முழுவதும் நேராகிவிடும், அப்போதும் துகள்கள் வேகத்துடன் நகர்ந்துகொண்டிருப்பதால் சக்தி எங்கும் தொலைந்துவிடாது. நம்முடைய துடிப்பு சமச்சீரற்றது. t = 3.5 இல் கணித்துப் பார்த்தோம்: d = 0.5 இல் படுதுடிப்பு 2, விம்பம் −3, ஆகவே மொத்தம் −1; d = 1.5 இல் படுதுடிப்பு 1, விம்பம் 0, ஆகவே மொத்தம் 1; d = 2.5 இல் பூச்சியம். கயிறு முனைக்கு அருகில் கீழேயும், சற்றுத் தள்ளி மேலேயும் வளைந்து, d = 1 இல் அச்சை வெட்டுகிறது. அது எந்தக் கணத்திலும் முழுமையாக நேராவதில்லை.

t = 6 இல் பின்விளிம்பும் முனையை அடைந்துவிடுவதால் தெறிப்பு முடிகிறது. அதன் பின் கயிற்றில் இருப்பது தெறித்த துடிப்பு மட்டுமே. t = 8 இல் அதன் முன்விளிம்பு d = 6 இலும், உச்சி d = 5 இலும், பின்விளிம்பு d = 2 இலும் இருக்கும்; நிலைத்த முனையில் உச்சி கீழ்நோக்கி 3, சுயாதீன முனையில் மேல்நோக்கி 3. இரண்டிலும் செங்குத்தான பக்கம் இடப்புறத்தில், அதாவது இப்போது துடிப்பு செல்லும் திசையில் இருக்கிறது. முன்னே போனதே முன்னே திரும்புகிறது. முதலில் முனையைத் தொட்டது எதுவோ, அதுவே முதலில் அங்கிருந்து புறப்படும்.

வரைந்த பின் சரிபார்த்தல்

வரைந்த படத்தில் முதலில் முனையைப் பாருங்கள். நிலைத்த முனை அச்சின் மீது இல்லையென்றால், அல்லது சுயாதீன முனையில் கயிறு சாய்ந்து நின்றால், மீதியைப் பார்க்கத் தேவையில்லை. பிறகு தெறித்த பகுதியின் முன்விளிம்பு எங்கே என்று பாருங்கள்: t = 0 இல் முன்விளிம்பு முனைக்கு 2 கட்டத்தில் இருந்தது, t = 4 இல் அது 4 கட்டம் பயணம் செய்திருக்கிறது, ஆகவே போக 2, வர 2 என்று d = 2 இல் இருக்க வேண்டும். துடிப்பின் அகலமும் மாறக் கூடாது; அதே கயிறு, அதே இழுவை, அதனால் அதே கதி.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே சொல்ல வேண்டும். சில வினாக்களில் கணப்படத்துக்குப் பதிலாக, ஒரு புள்ளியின் இடப்பெயர்ச்சி நேரத்துடன் மாறும் வரைபைக் கொடுப்பார்கள். வலப்பக்கம் செல்லும் நம் துடிப்புக்கு, கணப்படத்தில் செங்குத்தான பக்கம் வலப்புறம் இருக்கும். நேர வரைபிலோ அது முதலில் நிகழ்வதால் இடப்புறம் இருக்கும். கிடை அச்சில் தூரம் குறிக்கப்பட்டிருக்கிறதா நேரம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் தாளைத் திருப்பத் தொடங்கினால், எல்லாப் படிகளையும் சரியாகச் செய்தும் விடை பிழைத்துவிடும்.

உப்புவெளி மணலில் பார்த்தது

இதைக் கண்ணால் காண்பதற்காக, உப்புவெளிக் கடற்கரையில் ஒரு தென்னையில் கயிற்றின் ஒரு முனையை இறுக்கிக் கட்டி, மறுமுனையைக் கையால் இழுத்துப் பிடித்து, ஒருமுறை மட்டும் மேலே சுண்டிவிட்டோம். மீற்றருக்கு 50 கிராம் திணிவுள்ள கயிற்றை 20 நியூட்டன் இழுவையில் பிடித்தால், `v = √(T/μ)` படி கதி செக்கனுக்கு 20 மீற்றர். ஒரு மீற்றர் நீளமான துடிப்பு 0.05 செக்கனில் தெறித்து முடிந்துவிடும். செக்கனுக்கு 30 படங்கள் எடுக்கும் சாதாரண காணொளியில் அந்த நேரத்தில் ஒன்றோ இரண்டோ படங்களே விழும். செக்கனுக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவியக்கக் காணொளியில் 12 படங்கள் கிடைக்கின்றன. அவற்றில் நடுவிலுள்ளவையே நாம் வரைந்த பாதி தெறித்த வடிவங்கள். தென்னையில் தலைகீழாகத் திரும்பியது தெளிவாகத் தெரிந்தது. திரும்பிய துடிப்பின் உயரம் சற்றுக் குறைந்திருந்ததற்குக் காற்றும், கயிற்றின் உள் உராய்வும் காரணம். வரையும்போது இவற்றை நாம் புறக்கணிக்கிறோம்.

சுயாதீன முனையைச் செய்து காட்டுவது இன்னும் கடினம். கோலில் வழுக்கும் உலோக வளையத்தின் திணிவும் உராய்வும் போதிய அளவு சிறிதாக இருப்பதில்லை. வளையம் கனமானால் துடிப்பு கலங்கிய வடிவில் திரும்புகிறது. எங்களுக்குக் கைகொடுத்தது மீன்பிடிக்கும் தங்கூசிதான். கயிற்றின் முனையில் நீண்ட தங்கூசி ஒன்றை முடிந்து, அதன் மறுமுனையைத் தூரத்தில் கட்டினோம். தங்கூசி கயிற்றை இழுவையில் வைத்திருக்கிறது. ஆனால் மிக இலேசானது என்பதால் முடிச்சு மேலும் கீழும் போவதை அதிகம் தடுப்பதில்லை. அதன் திணிவு மீற்றருக்கு 0.5 கிராம், அதாவது கயிற்றின் நூறில் ஒரு பங்கு என்று கொண்டால், திணிவுகளின் வர்க்கமூலங்கள் 10 : 1 என்ற விகிதத்தில் இருக்கும், தெறித்த துடிப்பின் உயரம் படுதுடிப்பின் (10 − 1)/(10 + 1), அதாவது 82 சதவீதம் அளவில், நிமிர்ந்தே திரும்பும். முடிச்சு 2 மடங்குக்குப் பதிலாக ஏறத்தாழ 1.8 மடங்கு எழும். தங்கூசியின் வழியே போன பகுதி அதன் மறுமுனையில் தெறித்துச் சற்று நேரத்தில் திரும்பி வந்து படத்தைக் குழப்பும் என்பதால், தங்கூசி நீளமாக இருக்க வேண்டும். அதில் துடிப்பின் கதி கயிற்றில் இருப்பதைப் போல பத்து மடங்கு என்பதையும் நினைவில் வையுங்கள்.

எந்த முனை என்று முடிவெடுத்தல்

வினாவில் 'சுவர்' என்ற சொல்லைக் கண்டவுடன் நிலைத்த முனை என்று எழுதிவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. கயிற்றுக்கு அது பொருந்தும். கோணேசர் மலையின் செங்குத்தான பாறையில் வந்து மோதும் நீரலையை எடுத்துக்கொள்ளுங்கள். பாறை நீரைக் கிடையாக நகர விடுவதில்லை, ஆனால் நீர்மட்டம் பாறையோடு ஒட்டி மேலும் கீழும் போவதைத் தடுக்க அங்கே எதுவுமில்லை. உடையாமல் வந்து செங்குத்தான பாறையில் தெறிக்கும் ஓர் அலையின் நீர்மட்டம் பாறையடியில் ஏறத்தாழ இரு மடங்கு உயரத்துக்கு எழுகிறது, முகடு முகடாகவே திரும்புகிறது. நீர்மட்டத்தின் கணப்படத்தை வரைகிறோமானால், அந்தப் பாறை சுயாதீன முனை. தாளைச் சுழற்றாமல் புரட்டியே வரைய வேண்டும்.